ஆறு மாதமும் ஒரு நாளும்: பணிக்கொடைக் கணக்கில் மீதி மாதங்களை முழு ஆண்டாக்கும் முறை

திருகோணமலை உவர்மலையில், இரண்டு அறைகள் கொண்ட ஒரு வீட்டின் முன்பகுதியில் எங்கள் சிறிய கணக்கு அலுவலகம் இயங்குகிறது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து விருந்தகங்கள் சிலவற்றுக்கும், தமிழ்நாட்டில் திருப்பூரிலுள்ள பின்னலாடை ஆலை ஒன்றுக்கும் மாதச் சம்பளக் கணக்கும் சேவை முடிவுக் கணக்கும் தயாரிப்பதே எங்கள் வேலை. புதிதாகச் சேரும் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே தடுமாறும் இடம், சேவை முடிந்து போகிறவருக்கு ஆண்டுக் கணக்கில் கொடுபடும் பணிக்கொடைதான். ஒரே மேசையில், ஒரே மொழியில், ஒரே சொல்லைக் கொண்டு இரண்டு நாடுகளின் சட்டப்படி கணக்கிட வேண்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மீதியை ஒரு நாட்டுச் சட்டம் முழு ஆண்டாக எடுத்துக்கொள்கிறது, மற்ற நாட்டுச் சட்டம் அதைக் கண்டுகொள்வதேயில்லை. அவர்களுக்காக நான் எழுதி வைத்திருந்த குறிப்பைச் சற்று விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் எந்த நாட்டுச் சட்டம் என்று பாருங்கள்

ஆறு மாதத்தைத் தாண்டிய மீதியை முழு ஆண்டாக எண்ணும் விதி இந்தியாவினுடையது. அங்கே 1972ஆம் ஆண்டின் பணிக்கொடை வழங்கல் சட்டத்தின் 4ஆம் பிரிவு, 2ஆம் உட்பிரிவு, பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுச் சேவைக்கும், ஆறு மாதத்தை விஞ்சிய ஆண்டின் பகுதிக்கும், கடைசியாகப் பெற்ற சம்பள வீதத்தில் பதினைந்து நாள் சம்பளம் கொடுக்கப்பட வேண்டும் என்று சொல்கிறது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்தில் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டக்கோவை நடைமுறைக்கு வந்திருந்தாலும், ஆறு மாதம் பற்றிய இந்தச் சொற்றொடர் அதிலும் அப்படியே இருக்கிறது. மாறியிருப்பவற்றில் எங்களுக்கு முக்கியமானது ‘சம்பளம்’ என்றால் எவை எவை என்ற வரையறை. ஆகவே அந்தத் தேதிக்குப் பின் வேலையை விட்ட நிரந்தரப் பணியாளரின் கோப்பு வந்தால், ஆண்டை எண்ணும் முறையை மாற்ற வேண்டாம். சம்பளத் தொகையை மட்டும் புதிய வரையறையின்படி ஆலையிடம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

இலங்கையில் நடைமுறையிலிருப்பது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம். அதில் பூர்த்தியான ஆண்டுகள் மட்டுமே கணக்கில் வரும், மீதி மாதங்களுக்கு இடமில்லை. இதைப் பற்றிப் பின்னால் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் திருகோணமலையில் என்னிடம் கேள்வி கேட்டு வருபவர்களில் பாதிப் பேர் இந்த இடத்தில் ஏமாந்தவர்களாகவே இருக்கிறார்கள்.

தொழிலாளி எந்த நாட்டவர், கம்பனியின் முதலாளி எந்த நாட்டவர் என்பதை வைத்துச் சட்டத்தைத் தீர்மானிக்காதீர்கள். வேலை எங்கே நடந்தது, வேலைகொள்வோராக நியமனக் கடிதத்தில் கையெழுத்திட்ட நிறுவனம் எங்கே பதிவாகியிருக்கிறது என்பவையே முதலில் பார்க்க வேண்டியவை. இந்தியத் தாய்க் கம்பனி ஒன்று இலங்கையில் பதிவு செய்து, சீனன்குடாவில் ஆட்களை வைத்து வேலை வாங்கினால், அந்த ஆட்களுக்கு இலங்கைச் சட்டம்தான். எங்கள் அலுவலகத்தில் குழப்பத்தைத் தவிர்க்க இந்தியக் கோப்புகளுக்கு மஞ்சள் உறையும் உள்ளூர்க் கோப்புகளுக்கு நீல உறையும் வைத்திருக்கிறோம். பழைய பாணிதான், ஆனால் உறையின் நிறத்தைப் பார்த்த பிறகே கணினியில் கை வைக்கும் பழக்கம் பல பிழைகளைத் தடுத்திருக்கிறது.

இனி, கையில் இருப்பது மஞ்சள் உறை என்று வைத்துக்கொள்வோம்.

இரண்டு தேதிகளை உறுதிசெய்தல்

மீதி ஆறு மாதத்தைத் தாண்டியதா இல்லையா என்பது சில வேளைகளில் ஒரே ஒரு நாளில் தீர்மானமாகிவிடும். அதனால் சேர்ந்த தேதியையும் கடைசி வேலைநாளையும் ஆவணத்திலிருந்து எடுக்க வேண்டும், யாரோ தொலைபேசியில் சொன்ன தேதியை எழுதிக்கொள்ளக் கூடாது.

சேர்ந்த தேதிக்கு நியமனக் கடிதத்தையும் வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். வருங்கால வைப்பு நிதியில் பதிவான தேதியைச் சேர்ந்த தேதியாக எடுத்துக்கொள்வது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை. ஆலைகளில் ஆளைச் சேர்த்து இரண்டு மூன்று மாதம் கழித்து நிதியில் பதிவு செய்யும் வழக்கம் இருந்திருக்கலாம். அந்த இரண்டு மாத வித்தியாசம், ஏழு மாத மீதியை ஐந்து மாதமாகக் காட்டிவிடும். தகுதிகாண் காலம் சேவையில் சேரும். தொழில் பழகுநராக இருந்த காலம் சேராது, ஏனென்றால் 1972ஆம் ஆண்டுச் சட்டம் பழகுநரைப் பணியாளர் என்ற வரையறைக்குள் கொண்டுவரவில்லை. பழகுநர் காலமும் வேலைக் காலமும் ஒரே கோப்பில் கலந்து கிடந்தால், நிரந்தர நியமனக் கடிதத்தின் தேதி எது என்று ஆலையைக் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கடைசி நாளுக்குப் பணி விடுவிப்புக் கடிதத்தைப் பாருங்கள். அதில் முற்பகலில் விடுவிக்கப்பட்டார் என்று இருக்கிறதா, பிற்பகலில் விடுவிக்கப்பட்டார் என்று இருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். 18ஆம் திகதி முற்பகலில் விடுவிக்கப்பட்டவர் 17ஆம் திகதியோடு வேலையை முடித்தவராகிறார். பிற்பகலில் விடுவிக்கப்பட்டவருக்கு 18ஆம் திகதியும் சேவை நாள்தான்.

இடையில் எடுத்த விடுப்புகளைக் கழிக்க வேண்டுமா என்று எல்லாரும் கேட்பார்கள். நோய், விபத்து, விடுப்பு, தொழிலாளியின் தவறில்லாமல் வேலை நின்ற காலம் ஆகியவை தொடர்ச்சியான சேவையை முறிப்பதில்லை என்று சட்டத்தின் 2-அ பிரிவு சொல்கிறது. அனுமதியில்லாமல் வராத நாட்கள்கூட, அவற்றைச் சேவை முறிவாகக் கருதி நிறுவனம் முறைப்படி உத்தரவிட்டிருந்தால் அன்றிச் சேவையை முறிப்பதில்லை. ஆகவே சம்பளமில்லா விடுப்பு இருபது நாள் இருக்கிறது என்று சொல்லி அந்த இருபது நாளை மொத்தச் சேவையிலிருந்து கழித்து, ஆறு மாதம் பத்து நாளாக இருந்த மீதியை ஐந்து மாதம் இருபது நாளாக்கும் வேலையைச் செய்யாதீர்கள். இப்படிக் கழித்து அனுப்பப்பட்ட தாள்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஐந்து ஆண்டு வாசலைத் தாண்டினாரா?

மீதியை எண்ணுவதற்கு முன், பணிக்கொடை பெறவே அவருக்கு உரிமை உண்டா என்று பார்க்க வேண்டும். இந்தியச் சட்டப்படி, நிரந்தரப் பணியாளர் விலகினாலும் ஓய்வு பெற்றாலும் ஐந்து ஆண்டுத் தொடர்ச்சியான சேவை தேவை. ஆறு மாதத்தை முழு ஆண்டாக்கும் விதி, தொகையைக் கணக்கிடும் இடத்தில் மட்டுமே வருகிறது, உரிமையைத் தீர்மானிக்கும் இடத்தில் வருவதில்லை. ஆகவே நான்கு ஆண்டு ஏழு மாதம் வேலை செய்தவரை ‘ஐந்தாக்கி’ உள்ளே கொண்டுவர முடியாது.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. தொடர்ச்சியான சேவையில் இல்லாதவராகக் கருதப்படக்கூடிய ஒருவரும், முந்திய பன்னிரண்டு மாதங்களில் 240 நாள் வேலை செய்திருந்தால் அந்த ஓராண்டு தொடர்ந்து சேவை செய்தவராகவே கருதப்படுவார் என்று சட்டத்தின் 2-அ பிரிவு சொல்கிறது. வாரத்தில் ஆறு நாளுக்குக் குறைவாக இயங்கும் நிறுவனங்களுக்கு அது 190 நாள். இதைப் பற்றிக்கொண்டு, நான்கு ஆண்டு முடித்து ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கும் உரிமை உண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் தீர்த்தது. திருப்பூர்க் கோப்பு என்பதால் இந்தத் தீர்ப்பு எங்களுக்கு முக்கியமானது. ஆனால் இது ஆறு மாத விதி அல்ல, வேறொரு வாசல். நான்கு ஆண்டும் ஏழு மாதமும் ஆனவருக்கு ஐந்தாம் ஆண்டில் கலண்டர் நாட்களே ஏறக்குறைய 210தான் இருக்கும் என்பதால், ஆறு நாள் வேலை வாரமுள்ள ஆலையில் 240ஐ அவர் எப்படியும் எட்டியிருக்க முடியாது. நான்கு ஆண்டும் ஒன்பது மாதமும் ஆனவர் எட்டியிருக்கக்கூடும். அவரது வருகைப் பதிவேட்டை வரவழைத்து நாட்களை எண்ண வேண்டும். 240 இருந்து உள்ளே வந்துவிட்டால், அதன் பின்னரே ஆறு மாத விதி வேலை செய்து, ஒன்பது மாத மீதி ஓராண்டாகி, ஐந்து ஆண்டுக்குத் தொகை வரும்.

மரணத்தாலோ உடல் இயலாமையாலோ சேவை முடிந்தால் ஐந்து ஆண்டு நிபந்தனையே இல்லை. 1972ஆம் ஆண்டுச் சட்டம் நடைமுறையிலிருந்த காலத்தில், இரண்டு ஆண்டு ஏழு மாதத்தில் இறந்துபோன ஒருவரின் குடும்பத்துக்கு மூன்று ஆண்டுக்கான தொகை சேர வேண்டும். இத்தகைய கோப்புகளில், ஐந்து ஆண்டு ஆகவில்லை என்று கோடு கிழித்துத் திருப்பி அனுப்பும் பிழையைத் தயவுசெய்து செய்யாதீர்கள்.

மீதியை எண்ணுதல்

இதுதான் கட்டுரையின் நடுப்பகுதி, நான் பிழைவிட்டுக் கற்றுக்கொண்ட பகுதியும் இதுவே.

தையல் பிரிவிலிருந்த ஒரு பெண்மணி 2013 மார்ச் 18 அன்று சேர்ந்தார். 2024 செப்டம்பர் 18, புதன்கிழமை, அவருடைய கடைசி வேலைநாள். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்ந்து மாதம் 18,200 இந்திய ரூபா. நான் எக்செலில் இரண்டு தேதிகளையும் இட்டு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். பதினொரு ஆண்டு, ஆறு மாதம், பூச்சியம் நாள் என்று வந்தது. சட்டம் ஆறு மாதத்தை ‘விஞ்சிய’ பகுதி என்று சொல்கிறது, சரியாக ஆறு மாதம் போதாது. ஆகவே பதினொரு ஆண்டு என்று முடிவுசெய்து தாளை அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் ஆலையின் பணியாளர் பிரிவிலிருந்து ஒரு தம்பி அழைத்தார். “சார், அந்தக்கா பதினெட்டாந் தேதி சாயங்காலம் ஷிஃப்ட் முடியற வரைக்கும் மெஷின்லதான் இருந்தாங்க. அந்த நாளு எங்க சார் போச்சு?” என்று கேட்டார். நான் தாளை எடுத்து விரல் விட்டு எண்ணினேன்.

மார்ச் 18இல் தொடங்கும் ஆண்டு அடுத்த மார்ச் 17 மாலையோடு நிறைவடைகிறது. ஆகவே 2024 மார்ச் 17 அன்று பதினொரு ஆண்டு பூர்த்தி. அடுத்த ஆறு மாதம் மார்ச் 18இல் தொடங்கிச் செப்டம்பர் 17இல் முடிகிறது. செப்டம்பர் 18, அந்த ஆறு மாதத்துக்கு வெளியே நிற்கும் ஒரு நாள். அந்த ஒரு நாளும் அவர் வேலை செய்திருக்கிறார். சேவை பதினொரு ஆண்டு, ஆறு மாதம், ஒரு நாள். ஆகவே அது பன்னிரண்டு ஆண்டு.

கழித்தல் கணக்கு எப்போதும் ஒரு நாளைத் தின்றுவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை வேலை செய்தவர் ஐந்து நாள் செய்திருக்கிறார், ஆனால் வெள்ளியின் எண்ணிலிருந்து திங்களின் எண்ணைக் கழித்தால் நான்குதான் வரும். பதினொரு ஆண்டுச் சேவையில் ஒரு நாள் யாருக்கும் பெரிதாகத் தெரியாது, ஆனால் அது ஆறு மாத எல்லையில் விழுந்தால் ஒரு முழு ஆண்டுக்கான தொகையைக் கொண்டுபோய்விடும். எனவே எக்செலில் கடைசி நாளோடு ஒன்றைக் கூட்டிய பின்னரே எண்ண வேண்டும். சேர்ந்த தேதி `B2` கட்டத்திலும் கடைசி வேலைநாள் `C2` கட்டத்திலும் இருந்தால், பூர்த்தியான ஆண்டை `D2` கட்டத்தில் இப்படி எடுங்கள்:

```
=DATEDIF(B2,C2+1,"y")
```

அதன் பின் கணக்குக்குரிய ஆண்டை `E2` கட்டத்தில் இப்படி எடுங்கள்:

```
=D2+IF(C2>=EDATE(B2,12*D2+6),1,0)
```

இரண்டாவது வரி செய்வது இதுதான். பூர்த்தியான ஆண்டுகளுக்குப் பின் இன்னும் ஆறு மாதம் நகர்ந்தால் எந்தத் தேதி வருமோ அந்தத் தேதியைக் கண்டுபிடித்து, அந்தத் தேதியிலும் ஆள் வேலையில் இருந்தாரா என்று கேட்கிறது. நமது பெண்மணிக்கு அந்தத் தேதி 2024 செப்டம்பர் 18. அன்று அவர் வேலையில் இருந்தார், எனவே ஒன்று கூடுகிறது. செப்டம்பர் 17ஓடு நின்றிருந்தால் கூடாது. வாய்பாட்டை முதன்முறை எழுதியவுடன் இந்த இரண்டு தேதிகளையும் மாறி மாறி இட்டுப் பார்த்து, 12, 11 என்று விடை வருகிறதா என்று சோதியுங்கள். இரண்டுக்கும் ஒரே விடை வந்தால் வாய்பாடு பிழை.

மாதத்தின் 29, 30, 31ஆம் திகதிகளில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் கணினியை நம்பாமல் கையால் எண்ணுங்கள். ஓகஸ்ட் 31இல் சேர்ந்தவருக்கு ஆறு மாதம் நகர்ந்தால் பெப்ரவரி 31 என்றொரு நாள் இல்லை, கணினி பெப்ரவரிக் கடைசிக்கு இழுத்துவிடும். அத்தகைய கோப்பில் விடை எல்லையைத் தொட்டு நின்றால், நீங்களே தீர்மானிக்காமல் மூத்தவரிடம் காட்டுங்கள்.

இன்னொரு பிழை, தசமப் புள்ளி. ஆலையிலிருந்து வரும் பட்டியலில் சேவைக்காலத்தை 11.6 என்று எழுதியிருப்பார்கள். அது பதினொரு ஆண்டு ஆறு மாதமா, பதினொன்றும் பத்தில் ஆறு பங்குமா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது. முதலாவதானால் சரியாக ஆறு மாதம், கூடாது. இரண்டாவதானால் ஏழு மாதத்துக்கும் மேல், கூடும். பத்து மாதத்தை .10 என்று எழுதினால் எக்செல் அதை .1 என்று சுருக்கி ஒரு மாதமாகக் காட்டும் வேடிக்கையும் நடக்கும். ஒருமுறை புதிய பிள்ளை ஒருவர் இந்தத் தசம எண்ணை `ROUND` என்ற கட்டளைக்குள் போட்டு நாற்பது பேரின் கணக்கை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். அந்தக் கட்டளை அரையைச் சந்தித்தால் மேலே தள்ளும், சட்டமோ சரியாக அரை ஆண்டை மேலே தள்ளச் சொல்லவில்லை. அத்தோடு ஆண்டு.மாதம் என்று எழுதிய எண்ணில் 11.5 என்பது ஐந்து மாதம், அதையும் அந்தக் கட்டளை பன்னிரண்டாக்கிவிடும். தசமத்தில் வந்த பட்டியலை ஏற்காதீர்கள், இரண்டு தேதிகளைக் கேட்டு வாங்குங்கள்.

தொகை

மாதச் சம்பளக்காரருக்கு, கடைசியாகப் பெற்ற மாத அடிப்படைச் சம்பளத்தையும் அகவிலைப்படியையும் கூட்டி, 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்க வேண்டும். மிகையூதியம், வீட்டு வாடகைப்படி, மேலதிக நேரச் சம்பளம் ஆகியவை 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இதில் சேரா. 18,200ஐ 26ஆல் வகுத்தால் 700. அதைப் பதினைந்தால் பெருக்க 10,500. பன்னிரண்டு ஆண்டுக்கு 1,26,000 ரூபா. நான் முதலில் அனுப்பிய தாளில் பதினொரு ஆண்டுக்கு 1,15,500 இருந்தது. இடையில் உள்ள 10,500 ரூபாவும் அந்த ஒரு புதன்கிழமையின் விலை. தொகை கொடுபட வேண்டிய நாளிலிருந்து முப்பது நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்பது விதி, அதற்குள் திருத்திய தாளை அனுப்பிவிட்டதால் தாமத வட்டிப் பேச்சு எழவில்லை.

மீதி மாதத்துக்கு ஓராண்டுத் தொகையில் பாதி கொடுத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அப்படியல்ல. ஆறு மாதத்தைத் தாண்டிய பகுதிக்கு முழுப் பதினைந்து நாள் சம்பளம், தாண்டாத பகுதிக்கு ஒன்றுமில்லை. நடுவில் எதுவுமில்லை. பருவகால நிறுவனங்களில் ஒவ்வொரு பருவத்துக்கும் ஏழு நாள் என்று வேறு முறை இருக்கிறது, எங்கள் கோப்புகளில் அது வந்ததில்லை. மொத்தத் தொகைக்கு இருபது இலட்சம் இந்திய ரூபா என்ற உச்ச வரம்பு உண்டு என்பதையும் உயர் சம்பளக்காரர் கோப்பில் நினைவில் வையுங்கள், வரம்பைத் தொட்டுவிட்ட கணக்கில் ஓராண்டு கூடுவதால் தொகை மாறாது.

நீல உறை

இப்போது திருகோணமலைக்கு வருவோம். இணையத்தில் பணிக்கொடை என்று தமிழில் தேடினால் வருபவற்றில் பெரும்பாலானவை தமிழ்நாட்டு வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. எந்த நாட்டுச் சட்டம் என்று அவற்றில் எழுதியிருக்க மாட்டார்கள், அங்குள்ளவர்களுக்கு அது சொல்லாமலே தெரியும். நம்மூர்க்காரர் அதை வாசித்துவிட்டு, ஆறு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டதே என்று நம்பி வேலையை விட்டுவிடுகிறார்.

உப்புவெளி விருந்தகம் ஒன்றில் சமையற்கூடத்தில் இருந்த அண்ணன் ஒருவர் 2012 ஜூன் 1இல் சேர்ந்தவர். கடைசியாகப் பெற்ற மாதச் சம்பளம் 64,000 ரூபா. 2024 ஜனவரி 31ஓடு விலகுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டு எங்களிடம் வந்தார். பதினொரு ஆண்டும் எட்டு மாதமும், அதனால் பன்னிரண்டு ஆண்டு என்பது அவர் கணக்கு. நான் கணக்கிட்டுக் கொடுத்த தாளில் பதினொன்று என்று இருந்ததைக் கண்டு, “தம்பி, எட்டு மாதத்தை எங்கே விட்டியள்?” என்று கேட்டார்.

இலங்கைச் சட்டத்தின்படி, முந்திய பன்னிரண்டு மாதத்தில் ஏதாவதொரு நாளில் பதினைந்து பேரோ அதற்கு மேலோ வேலையில் இருந்த நிறுவனத்தில், ஐந்து பூர்த்தியான ஆண்டு சேவை செய்தவருக்கு, மாதச் சம்பளமானால் பூர்த்தியான ஒவ்வோர் ஆண்டுக்கும் கடைசிச் சம்பளத்தில் அரை மாதம் உரியது. மற்றவர்களுக்குப் பதினான்கு நாள் சம்பளம். 26ஆல் வகுக்கும் வேலையும் இங்கே இல்லை. அவருக்கு அரை மாதம் 32,000, பதினொரு ஆண்டுக்கு 352,000 ரூபா. எட்டு மாதத்துக்கு ஒன்றுமில்லை, பதினொரு மாதமும் இருபத்தொன்பது நாளும் இருந்திருந்தாலும் ஒன்றுமில்லை. அவர் மே 31 வரை இருந்திருந்தால் பன்னிரண்டாவது ஆண்டு பூர்த்தியாகி 384,000 கிடைத்திருக்கும்.

விருந்தகத்தின் நிர்வாகி நல்ல மனிதர். கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ள அனுமதித்தார், பருவகாலம் நெருங்கும் நேரம் என்பதும் அதற்கு உதவியது. எல்லாருக்கும் அப்படி அமையாது. ஆகவே இலங்கையில் வேலையை விட நினைப்பவர் உங்களிடம் வந்தால், முதலில் அவர் சேர்ந்த தேதியின் அடுத்த ஆண்டு நிறைவு எப்போது என்று சொல்லுங்கள், அதற்கு முந்திய நாள் முழுவதும் வேலையில் இருந்தால்தான் அந்த ஆண்டு பூர்த்தியாகும் என்பதையும் சொல்லுங்கள். இந்தியக் கோப்பில் ஆறாம் மாத எல்லை எவ்வளவு கூர்மையானதோ, இங்கே பன்னிரண்டாம் மாத எல்லை அவ்வளவு கூர்மையானது. மேலே கொடுத்த முதல் வாய்பாடு, அந்தக் கூட்டிய ஒன்றோடு, நீல உறைக்கும் அப்படியே பொருந்தும். இரண்டாவது வாய்பாட்டை நீலக் கோப்பின் தாளில் வைத்திருக்கவே வேண்டாம், பழைய தாளைப் பிரதி எடுத்தால் அதை அழித்துவிடுங்கள்.

சட்டம் சொல்வது குறைந்தபட்சம்தான். நியமனக் கடிதத்திலோ கூட்டு உடன்படிக்கையிலோ ஆண்டின் பகுதிக்கும் பணிக்கொடை உண்டு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டிருந்தால், அதன்படி கேட்கலாம். ஆகவே நீல உறையைத் திறந்ததும் நியமனக் கடிதத்தை முழுவதும் வாசியுங்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். அந்தச் சமையற்கூட அண்ணனின் கடிதத்திலும் தேடினேன், சட்டத்தின்படி வழங்கப்படும் என்ற ஒரே வரிதான் இருந்தது. அவர் ஜூன் மாதம் முதல் வாரத்தில் மறுபடி வந்து, மே 31 என்று எழுதிய புதிய கடிதத்தைக் காட்டினார். முற்பகலா பிற்பகலா என்று அதில் இல்லை, வேலை நேரம் முடிந்த பின் விடுவிக்கப்பட்டார் என்று நிர்வாகியிடம் ஒரு வரி சேர்த்துக் கையெழுத்து வாங்கி வரும்படி திருப்பி அனுப்பினேன்.